தம்பி பெயர் எஃப்.ஐ.ஆரில் மூன்றாவதாக இருக்கிறது. வக்கீலைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும், எவ்வளவு ஆகும்?

ஒட்டன்சத்திரம்_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எங்கள் பெரியப்பாவுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் வண்டிப்பாதை தகராறு, நாலைந்து வருடமாக ஓடுகிறது. போன சனிக்கிழமை சாயங்காலம் அடிதடி ஆகிவிட்டது. அந்தப் பக்கத்து ஆளுக்குக் கை எலும்பு முறிவு, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்கும் தலையில் மூன்று தையல். எஃப்.ஐ.ஆர் போட்டதில் பெரியப்பா முதல் பெயர், அவர் மகன் இரண்டாவது, மூன்றாவதாக என் தம்பி. அதற்குப் பிறகு "மற்றும் சிலர்" என்று இருக்கிறது. பிரிவுகள் 296(b), 115(2), 118(1), 351(3).

தம்பி அன்றைக்கு ஊரிலேயே இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சம்பள நாள், ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வந்திருக்கிறான்.

பெரியப்பா வீட்டில் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறார்கள். அவர் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம், "எல்லாத்தையும் முடிச்சுத் தர்றேன்" என்கிறார். எங்கள் பங்கு ஐம்பதாயிரம். என் கணவருக்குத் தெரிந்த இன்னொரு வக்கீல் திண்டுக்கல்லில் இருக்கிறார், அவர் முன்ஜாமீனுக்கு மட்டும் முப்பதாயிரம் கேட்கிறார். எது சரி? நாளை மறுநாள் நேரில் போகிறோம், கையில் என்னென்ன இருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை.

கொங்குப்புலி

அக்கா, பயப்படாதீங்க. ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வந்ததா? வாட்ஸாப்பில் வந்திருந்தால் அது செல்லாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, கண்டுகொள்ளாமல் விடுங்கள். அப்புறம் வக்கீலிடம் பேசும்போது கறாராகச் சொல்லிவிடுங்கள், கேஸ் ஜெயித்தால்தான் பணம், தோற்றால் இல்லை என்று. அப்போதுதான் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள்.

பழைய_குமாஸ்தா

கொங்குப்புலி தம்பி, பாதி சரி, பாதியில் அந்தப் பையனை உள்ளே அனுப்பிவிடுவீர்கள் போலிருக்கிறது.

விசாரணைக்கு வரச் சொல்லிப் போலீஸ் கொடுக்கும் 35(3) நோட்டீஸை வாட்ஸாப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், "நோட்டீஸ் கொடுத்தோம், வரவில்லை, ஒத்துழைக்கவில்லை" என்றுதான் அவர்கள் எழுதுவார்கள். அது செல்லுமா செல்லாதா என்ற வாதமெல்லாம் பையனைப் பிடித்த பிறகுதான் நடக்கும். நோட்டீஸ் எந்த வழியில் வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள், அவர் எழுத்தில் பதில் அனுப்பட்டும்.

ஜெயித்தால் பணம் என்பதும் நடக்காது. வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அப்படி ஒப்புக்கொள்கிற வக்கீலைத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

செல்வி அம்மா, நான் முப்பத்தொரு வருடம் ஒரு கிரிமினல் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன், இப்போது வீட்டில் இருக்கிறேன். உங்களிடம் ஒரு கேள்வி. எஃப்.ஐ.ஆர் நகல் கையில் இருக்கிறதா, அல்லது யாரோ சொல்லித் தெரிந்துகொண்டீர்களா?

ஒட்டன்சத்திரம்_செல்வி

பெரியப்பா மகன் போனில் போட்டோ அனுப்பினான் ஐயா. முதல் பக்கம் மட்டும்தான். அதுவும் கலங்கலாக இருக்கிறது.

பழைய_குமாஸ்தா

அதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், விஷயம் பின்னால் இருக்கும். eservices.tnpolice.gov.in போய், மாவட்டம், ஸ்டேஷன், எண், வருடம் போட்டால் முழுதாக இறக்கலாம். பாலியல் வழக்கு மாதிரி சிலவற்றை ஏற்ற மாட்டார்கள், உங்களுடையது இருக்க வேண்டும். எல்லாப் பக்கத்தையும் அச்செடுங்கள்.

எடுத்தபின் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். மூன்றாவது கட்டத்தில் சம்பவம் எத்தனை மணிக்கு நடந்தது, ஸ்டேஷனுக்குத் தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்று தனித்தனியாக இருக்கும். எட்டாவது கட்டம் தாமதத்துக்குக் காரணம். கடைசிப் பக்கத்தில் கோர்ட்டுக்கு அனுப்பிய தேதி, நேரம் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததற்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் புகார் வாங்கியிருந்தால் இடையில் இருக்கிற அந்தப் பதினேழு பதினெட்டு மணி நேரத்தில்தான் ஊரில் இல்லாதவன் பெயரெல்லாம் உள்ளே வரும். அதோடு புகார் வாசகத்தில் உங்கள் தம்பி என்ன செய்தான் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். "கட்டையால் அடித்தான்" என்று குறிப்பாக இருக்கிறதா, "இவர்களும் சேர்ந்து அடித்தார்கள்" என்று பொத்தாம்பொதுவாக இருக்கிறதா? இரண்டுக்கும் கோர்ட்டில் நிறைய வித்தியாசம் உண்டு.

செக்_வாங்கிய_முருகன்

எனக்கும் இதே பிரச்சினைதான். நான் ஒருவருக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது, 138 நோட்டீஸ் வந்திருக்கிறது. முன்ஜாமீன் எடுக்க வேண்டுமா? வக்கீல் பத்தாயிரம் கேட்கிறார்.

ஜூனியர்_வக்கீல்_மதுரை

முருகன் சார், உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. செக் கேஸில் போலீஸ் வந்து பிடிக்காது, முன்ஜாமீனும் தேவையில்லை. உங்களுக்கு முக்கியம் நாள் கணக்கு. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கே வராது. தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தனியாக ஒரு இழை தொடங்குங்கள், வந்து சொல்கிறேன்.

செல்வி அக்காவுக்கு வருகிறேன். நான் ஹைகோர்ட் மதுரை பெஞ்சில் ஐந்து வருடமாக கிரிமினல் பக்கம் பார்க்கிறேன். குமாஸ்தா ஐயா சொன்னதோடு சேர்த்து உங்கள் வழக்கில் ரொம்ப முக்கியமாக எனக்குத் தெரிவது ஒன்று இருக்கிறது. இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

உங்கள் பெரியப்பா என்ன சொல்லித் தப்பிக்கப் போகிறார்? "அவர்கள்தான் முதலில் அடித்தார்கள், என் தலையில் மூன்று தையல், தற்காப்புக்குத் தள்ளினேன்" என்றுதான் சொல்வார், சொல்லவும் வேண்டும். அதாவது சம்பவம் நடந்தது, நான் அங்கே இருந்தேன் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். உங்கள் தம்பியோ "நான் அங்கே இல்லவே இல்லை" என்கிறான். ஒரே வக்கீல் மூன்று பேருக்கும் ஆஜரானால், நாளை புகார்தாரரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது எதைக் கேட்பார்? "நீதான் முதலில் அடித்தாய்" என்றா, "மூன்றாவது எதிரி அங்கே இல்லை, பொய்யாகச் சேர்த்தாய்" என்றா? இரண்டையும் கேட்கலாம்தான். ஆனால் நடுவில் ஒரு இடம் வரும், பெரியப்பாவுக்கு நல்லது தம்பிக்குக் கெட்டதாகப் போகிற இடம். அப்போது அந்த வக்கீல் யாருடைய வக்கீல்? பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தவர் பக்கம்தான் மனசு போகும், மனித சுபாவம்.

ஐம்பதாயிரமா முப்பதாயிரமா என்ற கணக்குக்கு முன்னால் இதை யோசியுங்கள்.

பழைய_குமாஸ்தா

பாப்பா சொல்வது சரி. ஆனால் ஊர் நடப்பு என்று ஒன்று இருக்கிறது. முன்ஜாமீன் கட்டத்திலேயே தனி வக்கீல் வைத்தால் பெரியப்பா வீட்டில் "பங்காளியை நட்டாற்றில் விட்டுட்டான்" என்பார்கள், அப்புறம் நல்லது கெட்டதுக்குப் பேச்சு இருக்காது. எங்கள் சீனியர் முன்ஜாமீனுக்கு எல்லோரையும் ஒரே மனுவில் போடுவார், சார்ஜ் ஷீட் வந்த பிறகு பிரித்துக்கொள்வார். பல வழக்கில் அப்படிச் செய்திருக்கிறோம், ஒன்றும் குடிமுழுகவில்லை.

ஜூனியர்_வக்கீல்_மதுரை

ஐயா, ஒரே மனுவில் போட்டால் மனுவின் வாசகம் ஒன்றாகத்தானே இருக்கும்? "மனுதாரர்களுக்கும் புகார்தாரருக்கும் பாதை சம்பந்தமாக வாய்த்தகராறு ஏற்பட்டு" என்று மூன்று பேர் சார்பிலும் எழுதிவிட்டால் தம்பி அங்கே இருந்ததாக நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. பிற்பாடு இல்லை என்றால் யார் நம்புவார்கள்? தனி வக்கீல் வேண்டாம் என்றால்கூட தனி மனுவாவது போடச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய_குமாஸ்தா

சரி, தனி மனு. அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

ஒட்டன்சத்திரம்_செல்வி

இப்போதுதான் முழு எஃப்.ஐ.ஆர் எடுத்தேன். சம்பவம் "சுமார் 19.00 மணி". தகவல் கிடைத்தது மறுநாள் 12.15. தம்பி "கல்லால் முதுகில் தாக்கினார்" என்று இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

தனி வக்கீல் என்று அம்மாவிடம் சொன்னேன், அழ ஆரம்பித்துவிட்டார். அது வேறு கதை. நாளை மறுநாளுக்கு வேறு என்ன எடுத்து வைக்கட்டும்?

பழைய_குமாஸ்தா

நாங்கள் ஆபீஸில் முதல் நாள் வருகிறவர்களிடம் படும் பாடு சொல்லி மாளாது. ஒரு மஞ்சப்பை நிறைய தாத்தா காலத்துப் பத்திரத்தை எல்லாம் கொண்டுவருவார்கள், வேண்டிய ஒரு தாள் மட்டும் இருக்காது.

உங்கள் வழக்குக்கு மூன்று கட்டாக வையுங்கள். முதல் கட்டு சம்பவம். முழு எஃப்.ஐ.ஆர், பெரியப்பா கொடுத்த எதிர்ப் புகார் இருந்தால் அதை வாங்கியதற்கு ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர் ரசீது, அவருக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரியின் ஏ.ஆர் என்கிற விபத்துப் பதிவேட்டு நகலும் டிஸ்சார்ஜ் சீட்டும். ஏ.ஆர் நகலில் "யார் அடித்தது, எத்தனை பேர், எதனால்" என்று டாக்டர் கேட்டு எழுதியிருப்பார். அந்தப் பக்கத்து ஆளின் ஏ.ஆர் நகல் இப்போது உங்களுக்குக் கிடைக்காது, ஆனால் வக்கீல் காதில் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் "தெரிந்த இரண்டு பேர் அடித்தார்கள்" என்று சொல்லிவிட்டு மறுநாள் ஸ்டேஷனில் மூன்று பெயர் கொடுத்திருந்தால் உங்கள் தம்பிக்கு அதைவிட நல்ல காகிதம் இல்லை.

இரண்டாவது கட்டு, தம்பி திருப்பூரில் இருந்ததற்கு. அது பற்றி மதுரைப் பாப்பா சொல்லட்டும்.

மூன்றாவது, ஆளைப் பற்றியது. ஆதார் நகல், ரேஷன் கார்டு, திருப்பூர் முகவரிக்கு ஏதாவது, இரண்டு போட்டோ. இதுவரை வழக்கு எதுவும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சின்ன பெட்டி கேஸாக இருந்தாலும். முன் வழக்கு இல்லை என்று மனுவில் எழுதிய பிறகு அரசு வக்கீலான பி.பி. எழுந்து "இரண்டு வழக்கு நிலுவையில் இருக்கிறது" என்று சொன்னால் வக்கீல் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே.

பட்டா, பாதைத் தகராறு சிவில் கட்டு எல்லாம் ஒரு நகல் போதும். அந்த வண்டிப்பாதை யாருடையது என்று கிரிமினல் கோர்ட் தீர்க்கப் போவதில்லை, பகை இருந்தது என்று காட்டத்தான் அது. பகையும் இருபுறமும் வெட்டும் அரிவாள், பார்த்துக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு தாளில் தேதி வாரியாக நடந்ததை எழுதிக்கொண்டு போங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே "வக்கீல் பார்வைக்கு" என்று எழுதி அவரிடம் மட்டும் கொடுங்கள், குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டு வைக்காதீர்கள்.

ஜூனியர்_வக்கீல்_மதுரை

இரண்டாவது கட்டைப் பற்றிச் சொல்கிறேன். இதில் அவசரம் ஒன்றே ஒன்றுதான், கம்பெனி கேமரா. பல இடங்களில் பதினைந்து நாள், ஒரு மாதத்தில் பழையதன் மேல் புதியது பதிவாகி அழிந்துவிடும். சனிக்கிழமையிலிருந்து ஏற்கெனவே ஐந்து நாள் போய்விட்டது. தம்பி இன்றைக்கே மேனேஜரிடம் போய் அந்த நாள் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும் உள்ளதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லட்டும். அவர்களாகவே எடுத்து, ஹார்டு டிஸ்க்கையும் பத்திரமாக வைத்தால் நல்லது, ஏனென்றால் பிற்பாடு கோர்ட்டில் அதைக் காட்டும்போது சாட்சியச் சட்டம் 63-ன் கீழ் சான்றிதழ் கேட்பார்கள், போனில் திரையைப் படம் பிடித்து வந்ததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் ஷிஃப்ட் ரெஜிஸ்டர், பஞ்ச் பதிவு. உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அன்றைக்குச் சம்பள நாள். சம்பளத் தாளில் கையெழுத்து போட்டிருப்பான். அந்தப் பக்கத்தின் நகலில் அவனுக்கு மேலும் கீழும் கையெழுத்து போட்டவர்களின் பெயரும் தெரிகிற மாதிரி எடுங்கள். ராத்திரி வெளியே வந்து ஜிபேயில் எங்காவது புரோட்டா சாப்பிட்டிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். "நான் அங்கே இல்லை" என்று சொன்னால் அதை நிரூபிக்கிற பொறுப்பு நம் தலையில் விழும். அதனால் இது அரைகுறையாக இருக்கக் கூடாது.

பழைய_குமாஸ்தா

இதையெல்லாம் முன்ஜாமீன் மனுவிலேயே காட்ட வேண்டுமா என்பது வேறு கேள்வி. எங்கள் சீனியர் காட்ட மாட்டார். கேமரா இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் "ஏழு மணி இல்லை, ஒன்பதரை மணி" என்று வாக்குமூலத்தில் நேரத்தை இழுத்துவிடுவார்கள் என்பார்.

ஜூனியர்_வக்கீல்_மதுரை

அது அந்தக் காலம் ஐயா. எஃப்.ஐ.ஆரில் 19.00 என்று அச்சாகி இணையத்தில் ஏறிவிட்டது, இனி எங்கே இழுப்பார்கள்? இரண்டு வருடம் கழித்து விசாரணையில் திடீரென்று கேமரா என்றால் "பின்யோசனை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இப்போதே விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும் என்பது என் கருத்து.

பழைய_குமாஸ்தா

ஒன்பதரை ஆகாது, "சுமார்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே பாப்பா, அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் நுழையலாம். போகட்டும். செல்வி அம்மா, இதை நீங்கள் பார்க்கப் போகிற வக்கீலிடம் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்பதைவிட, காரணத்தோடு சொல்கிறாரா என்று பாருங்கள்.

அவினாசி_ரவி

ஃபீஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் மாமா மகன் கேஸில் நாங்கள் பட்டது சொல்கிறேன். முதல் நாள் "நாற்பதாயிரம், நான் பார்த்துக்கிறேன்" என்றார் ஒருவர், ஊர் பெயர் வேண்டாம். கொடுத்தோம். ஜாமீன் வந்தது. அதற்குப் பிறகு ஜாமீன்தாரர் கையெழுத்து போட ஐந்து, கண்டிஷன் தளர்த்த எட்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் குமாஸ்தாவுக்கு ஐந்நூறு, "ஸ்டேஷன் செலவு" என்று பத்து. சார்ஜ் ஷீட் வந்ததும் "அது ஜாமீனுக்குக் கொடுத்தது, டிரையல் தனி" என்றார். எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. கடைசியில் இரண்டு வாய்தா அவரும் போகவில்லை, நாங்களும் போகவில்லை, பிடிவாரண்ட் வந்துவிட்டது. அதை ரீகால் செய்ய இன்னொரு ஆறாயிரம்.

பழைய_குமாஸ்தா

ஐந்நூறு வாங்கிய குமாஸ்தாக்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் 🙂

விஷயம் என்னவென்றால், கிரிமினல் ஃபீஸ் கட்டம் கட்டமாகத்தான் போகும். முன்ஜாமீன் அல்லது ஜாமீன் ஒரு கட்டம். சார்ஜ் ஷீட் வந்து நகல் வாங்கி, வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்பதா வேண்டாமா என்று பார்ப்பது ஒரு கட்டம். சாட்சி விசாரணை ஒரு கட்டம், இதைச் சிலர் மொத்தமாகவும் சிலர் சாட்சிக்கு இவ்வளவு என்றும் பேசுவார்கள். ஹைகோர்ட் போனால் அது எப்போதும் தனி, பெரும்பாலும் ஆளும் வேறு. ஆகவே முப்பதாயிரம் கேட்ட திண்டுக்கல்காரர் கூடுதலாகக் கேட்கிறார், ஒன்றரை லட்சத்துக்கு முடித்துத் தருகிறவர் மலிவு என்று கணக்குப் போடாதீர்கள். "முடிச்சுத் தர்றேன்" என்றால் என்ன? சமாதானமா, விடுதலையா, ஹைகோர்ட்டில் ரத்தா? ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான 118(1) இப்போது இருக்கிறது. அந்த ஆளுக்கு எலும்பு முறிவு என்கிறீர்கள். காயச் சான்றிதழ் வந்ததும் கொடுங்காயத்துக்கான 118(2)-க்கு மாற்றி கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவார்கள், அதில் குறைந்தது ஒரு வருடம், பத்து வருடம் வரை போகும், ஆயுள் தண்டனைக்கும் இடம் உண்டு. அப்படி மாறினால் திரும்பக் கோர்ட் படி ஏற வேண்டி வரலாம். அதற்கும் சேர்த்தா அந்த ஒன்றரை லட்சம்?

திண்டுக்கல்காரரிடம் இதைக் கேளுங்கள்: முப்பதாயிரத்தில் செஷன்ஸ் கோர்ட்டில் தள்ளுபடி ஆனால் மதுரைக்கு எவ்வளவு, உத்தரவு வந்தபின் மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஆஜராகி ஜாமீன்தாரர் வைத்துப் பத்திரம் எழுதுவது அதில் அடக்கமா, கண்டிஷன் கையெழுத்தைத் தளர்த்தும் மனு அடக்கமா, பிரிவு மாறினால் என்ன, வாய்தாவுக்கு யார் போவார், அவரா ஜூனியரா. பதிலை அவர் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள், எழுதினதைப் படித்துக் காட்டுங்கள். பாதி முன்பணம், மீதி உத்தரவு நகல் கையில் வந்ததும் என்பது எங்கள் பக்கம் வழக்கம். வங்கி வழியாகக் கொடுங்கள்.

"ஜட்ஜுக்கு", "பி.பி.க்கு", "இன்ஸ்பெக்டருக்கு" என்று தனியாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெரும்பாலும் அந்தப் பணம் மேஜையைத் தாண்டிப் போவதே இல்லை. நிஜமாகவே போனால் நீங்கள் இன்னொரு வழக்கில் எதிரி.

கொங்குப்புலி

வக்காலத்தில் கையெழுத்து போட்டுவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது, ஃபைலைத் தர மாட்டார்கள் அக்கா, எச்சரிக்கை.

ஜூனியர்_வக்கீல்_மதுரை

மாற்றலாம். பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் மறுத்தால் கோர்ட் அனுமதி வாங்கிப் புதியவர் வக்காலத்து போடலாம். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் 2000-லேயே சொல்லியிருக்கிறது. நடைமுறையில் இழுத்தடிப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அசல் காகிதம் எதையும் முதல் நாளே கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள்.

வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கினால் வழக்கு எண் இடத்தில் எஃப்.ஐ.ஆர் எண்ணையாவது எழுதச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கோமதி_பழனி

பணத்துக்கு வழியில்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால்: திண்டுக்கல் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்கள், எஸ்.சி, எஸ்.டி, காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். என் அண்ணனுக்கு அப்படித்தான் கிடைத்தது. கொடுத்த வக்கீல் அம்மா ஒரு வாய்தாகூடத் தவறவில்லை. ஆனால் நாம்தான் போய்ப் போய்க் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவர்கள் கையில் நிறைய வழக்கு.

அவினாசி_ரவி

நல்ல வக்கீல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரமும் கிடையாது, ரேட்டிங்கும் கிடையாது.

பழைய_குமாஸ்தா

விளம்பரம் செய்யக் கூடாது என்பதே விதி, அதனால் யூடியூபில் "நம்பர் ஒன் கிரிமினல் லாயர்" என்று வருகிறவரை விடுங்கள். services.ecourts.gov.in-ல் வக்கீல் பெயர் போட்டுத் தேடினால் அந்தக் கோர்ட்டில் அவர் பெயரில் என்னென்ன வழக்கு நடக்கிறது என்று வரும். முழுக்க சிவில் வழக்காகவும் விபத்து நஷ்டஈடாகவும் இருந்தால் அவர் நல்ல வக்கீல்தான், உங்கள் வக்கீல் இல்லை.

அதைவிட நல்லது, செஷன்ஸ் கோர்ட்டில் காலை பத்தரைக்கு முன் போய்ப் பின்பெஞ்சில் உட்காருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஜாமீன் மனுக்கள் கூப்பிடும்போது யார் கட்டைப் புரட்டாமல் பதில் சொல்கிறார், யார் "ஒரு வாரம் டைம்" மட்டும் கேட்கிறார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சத்தமாகப் பேசுகிறவரைப் பார்த்து மயங்காதீர்கள்.

ஒட்டன்சத்திரம்_செல்வி

போய்விட்டு வந்தேன், திண்டுக்கல்காரரிடமே. எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ஐயாவுக்கும் மதுரைத் தங்கைக்கும்.

அவர் எஃப்.ஐ.ஆரைக் கால் மணி நேரம் பேசாமல் படித்தார். பிறகு என்னையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தம்பியிடம் தனியாகப் பேசினார். எனக்குக் கொஞ்சம் கோபம், பணம் கொடுப்பது நான். அப்புறம் கூப்பிட்டுச் சொன்னார், வக்கீலிடம் கட்சிக்காரன் சொல்வதை வெளியே சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அக்கா உடன் இருந்தால் நாளை அக்காவை சாட்சியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று.

ஃபீஸ் முப்பதாயிரத்தில் செஷன்ஸ் மனு, ஜாமீன்தாரர், ஒரு தளர்வு மனு எல்லாம் அடக்கம். மதுரை போனால் அங்கே இருக்கிறவருக்கு இருபத்தைந்து தனி. பிரிவு மாறி மறு மனு போட்டால் பத்து. நோட்டில் எழுதி அவரே கையெழுத்து போட்டார், அதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். தனி மனுதான் போடுகிறார். மனு போட்டாலே பாதுகாப்பு என்று நினைக்காதே, உத்தரவு வரும்வரை எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னார்.

கேமரா எடுத்து வைத்தாயிற்று. சம்பளத் தாளும் கிடைத்தது. ஆனால் இன்னொன்று வந்திருக்கிறது. அன்றைக்குத் தம்பி கம்பெனியிலிருந்து பெரியப்பா மகனுக்கு ஒரு வாய்ஸ் அனுப்பியிருக்கிறான், "இன்னைக்கு விடாதீங்க, ஒரு கை பாத்துருங்க" என்று. நேரம் 6.58.

ஜூனியர்_வக்கீல்_மதுரை

அழித்துவிடவில்லையே?

ஒட்டன்சத்திரம்_செல்வி

இல்லை. அழிக்கத்தான் போனான், வக்கீல் தடுத்துவிட்டார். சாட்சியத்தை அழித்தால் அதுவே தனிக் குற்றம், அதோடு பெரியப்பா மகன் போனில் அது இருக்கத்தானே செய்யும் என்றார். போனை மாற்றாதே, ரிப்பேருக்குக் கொடுக்காதே என்றும் சொன்னார்.

பழைய_குமாஸ்தா

அவன் அங்கே இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு எவன் வாய்ஸ் அனுப்புவான்?

ஜூனியர்_வக்கீல்_மதுரை

தூண்டிவிட்டான் என்பதற்கும் அதைவிட நல்ல சாட்சி இல்லை ஐயா. 6.58-க்கு அனுப்பியதைக் கேட்டுவிட்டு ஏழு மணிக்கு அடித்தார்களா, அல்லது அடிதடி முடிந்த பிறகுதான் அந்தப் போனில் கேட்டார்களா என்பதைப் பொறுத்தது. வாய்ஸைக் கேட்ட நேரம் போனில் இருக்கும், அதைப் பார்த்தாரா உங்கள் வக்கீல்?

ஒட்டன்சத்திரம்_செல்வி

பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை மனு விசாரணைக்கு வருகிறது, திங்கள் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கேட்கிறேன்.

செக்_வாங்கிய_முருகன்

15 நாள் என்பது ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தா?